குருகு எதைப் பார்த்தது?

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலருடையது, ஐந்தே அடி. தலைவி பேசுகிறாள். அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத்தாள் மாதிரி மெலிந்த கால்களோடு ஒரு குருகும் நின்றது. பாட்டு அவ்வளவுதான். உரை சொல்லி, திணை எழுதவைத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிளஸ் டூ வகுப்பில் நான் இதற்கு இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். அதில் பெரும்பகுதி வாயைத் திறப்பதில்லை.

இதைச் சாக்ரடிக் செமினார் என்கிறார்கள். அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, 1937இல் விரிவுரைக்குப் பதிலாக மூல நூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதையே பாடமுறை ஆக்கியது. 1982இல் மார்ட்டிமர் ஆட்லர் வெளியிட்ட பைடேயா திட்டம் அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் பரிந்துரைத்தது. பேர் சாக்ரடீஸுடையது என்றாலும், அவரைப் போல ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்டு யாரையும் மடக்குவதில்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

முதல் நாளே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவேன். ஓரத்தில் அடி எண், கீழே நாலைந்து அருஞ்சொற்கள். ‘மணந்த’ என்பதற்குப் பொருள் அவசியம் தர வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்து வருவார்கள். இங்கே பேச்சு களவில் கூடியதைப் பற்றி. பொழிப்புரை தருவதில்லை, நோட்ஸும் பார்க்கக் கூடாது. மூன்று முறை படித்து, தனக்கே விடை தெரியாத இரண்டு கேள்விகளை அடி எண்ணோடு எழுதி வர வேண்டும். அந்தத் தாள்தான் நுழைவுச்சீட்டு. கொண்டுவராதவர் அன்று வெளிவட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

நான் தயாரிப்பது ஒரே ஒரு கேள்வி. அதில்தான் முதல் வருடம் சறுக்கினேன். “தலைவி அவனை நம்புகிறாளா, இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். இரண்டே நிமிடத்தில் வகுப்பு பட்டிமன்றம் ஆகிவிட்டது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அணி பிரிவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளாளுக்கு மைக் பிடித்த பாவனையில் பேசினார்கள். பாட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கேள்வியை மாற்றினேன்: “முதல் அடியில் யாருமே இல்லை என்கிறாள். பிறகு ஐந்தாம் அடியில் குருகும் இருந்தது என்று ஏன் சொல்கிறாள்?” இதற்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. எனக்கும் தீர்ந்த விடை கிடையாது.

நாற்பது பேரில் இருபது பேர் உள்வட்டம், இருபது பேர் வெளிவட்டம். பாதியில் இடம் மாற்றிக்கொள்வார்கள். கை தூக்க வேண்டாம். என்னைப் பார்த்துப் பேசாமல், முன்பு பேசியவரைப் பேர் சொல்லி அழைத்துத் தொடர வேண்டும். கருத்து சொன்னால் அடி எண்ணும் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறினால் சொல்லிவிடலாம்.

அன்று முதலில் மௌனம்தான். மனசுக்குள் முப்பது எண்ணினேன். இது ஆசிரியருக்குத்தான் பெரிய சோதனை; நாக்கு துறுதுறுக்கும். கடைசியில் ஒரு பையன், குருகுதான் சாட்சி, ஆனால் அதனால் பேச முடியாது, அதுதான் அவள் சோகம் என்றான். பல உரைகளும் சொல்வது அதைத்தான். எதிரே இருந்த பெண் தாளில் விரல் வைத்தாள். “நாலாம் அடியைப் பாருடா. அது மீனைப் பார்த்துக்கிட்டு நிக்குது. இவங்களைப் பார்த்துச்சுன்னு எங்க இருக்கு?” இன்னொருத்தி, அப்படியானால் குருகும் அவனைப் போலத்தான், அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கிறது என்றாள். முதலில் பேசியவன் கொஞ்சம் யோசித்து, “அப்போ அவ சாட்சி தேடலையா? அவனைத்தான் சொல்றாளா?” என்றான். ‘நல்ல பதில்’ என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். எனக்கு எது பிடிக்கும் என்று எல்லோரும் கண்டுபிடித்திருப்பார்கள். அதனால், “மூன்றாம் அடியில் காலை மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறாள்?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

மடியில் வட்டமாகப் பேர்கள் எழுதிய ஒரு காகிதம் இருக்கும். யார் யாருக்குப் பதில் சொன்னாலும் இடையே ஒரு கோடு. கோடுகள் என் பக்கமே திரும்பி வந்தால் அது செமினார் இல்லை, பழைய வகுப்புதான். அன்று வலை பரவாயில்லை. ஆனால் நான்கு பேருக்குள் கோடுகள் தடித்துக் கிடந்தன. ஏழு பேருக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்தேன். பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவர் மற்றவர்கள் வைக்கும்வரை பொறுக்க வேண்டும்.

பேச்சுக்கு மதிப்பெண் போடுவதில்லை. போட்டால் கூச்சம் உள்ளவர்கள் தோற்றுப்போவார்கள். கடைசிப் பத்து நிமிடம் எழுத்து: யார் சொன்னதால் உன் எண்ணம் மாறியது, எந்த அடியில்? கோடே இல்லாத ஏழு பேரில் ஒருத்தி எழுதியிருந்தாள்: “முதல் அடியில் அவள் தன்னையும்கூட இல்லாதவளாக்கிவிட்டாள். இதை யாரும் கேட்கவில்லை.” அடுத்த பிரிவுக்கு அதையே தொடக்கக் கேள்வியாக வைத்தேன்.