விசாவுக்கு ஹெச்.ஆர். தரும் ஒரு பக்கக் கடிதம்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஷெங்கன் விசா கேட்கும் சம்பளக்காரர்கள், வழக்கமான தாள்களோடு அலுவலகத்தின் பணிச் சான்றுக் கடிதத்தையும் வைக்க வேண்டும். வங்கிக் கணக்கும் வருமான வரித் தாளும் இருக்கும்போது இது எதற்கு? போகிற ஆள் திரும்பி வந்துவிடுவாரா என்பது விசா அலுவலரின் பெரிய கவலை. அந்தச் சந்தேகத்துக்கென்றே விசா மறுப்புப் படிவத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம் உண்டு. இவருக்கு வேலை இருக்கிறது, விடுப்பு கொடுத்திருக்கிறோம், இன்ன தேதியில் வந்து சேர்வார் என்று மூன்றாம் ஆள் வாயால் சொல்லும் தாள் இந்தக் கடிதம்தான்.

பெரிய கம்பெனிகளில் ஊழியர் போர்ட்டலிலேயே ஒரு கடிதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பெரும்பாலும் பெயர், பதவி, சேர்ந்த தேதி ஆகியவற்றோடு சரி. விடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. “விசாவுக்கு லெட்டர் வேணும் மேடம்” என்று ஹெச்.ஆருக்கு மெயில் போட்டாலும் அதே மாதிரிக் கடிதம்தான் வரும். எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை பயணம், மேலாளர் ஒப்புதல் தந்த விடுப்பு எத்தனை நாள், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் எண்ணும், சம்பளம் குறிப்பிட வேண்டுமா, இவ்வளவையும் நாம்தான் எழுதித் தர வேண்டும். விடுப்பு ஒப்புதலையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் இணைத்துவிட்டால் அவர்கள் திருப்பிக் கேட்க எதுவும் இருக்காது.

சென்னையில் வேலை பார்க்கும் கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் செல்வராஜ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. அலுவலகப் பதிவேட்டிலோ எஸ். கார்த்திக். வங்கியில் கார்த்திக் எஸ். நமக்கு மூன்றும் ஒருவர்தான்; இனிஷியல் வழக்கம் தெரியாத அயல்நாட்டு அலுவலருக்கு அப்படித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கடிதத்தில் பாஸ்போர்ட் பெயரை முதலில் எழுதி, அலுவலகப் பதிவில் எஸ். கார்த்திக் என்று இருப்பவர் இவரே என ஹெச்.ஆர். ஒரு வரி சேர்ப்பது நல்லது.

அடுத்தது சம்பளம். கார்த்திக்கின் சி.டி.சி. ஆண்டுக்கு 12 லட்சம். கடிதத்தில் அதை மட்டும் போட்டால், படிப்பவர் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1 லட்சம் என்று எடுத்துக்கொள்வார். சி.டி.சி.க்குள் ஆண்டிறுதி ஊக்கத்தொகை 1,20,000, கம்பெனி செலுத்தும் பி.எஃப். 57,600, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் ஏறத்தாழ 23,000 எல்லாம் அடக்கம். அவை போக மாதச் சம்பளம் சுமார் 83,000. அதில் அவருடைய பங்கு பி.எஃப். 4,800 பிடித்தால், வங்கியில் விழுவது 78,000 சொச்சம். கடிதத்தில் 1 லட்சம், பாஸ் புக்கில் 78,000 என்றால் கேள்வி எழத்தான் செய்யும். பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளத்தைக் கடிதத்தில் எழுதச் சொன்னால், கூடவே வைக்கும் பே ஸ்லிப் மீதியை விளக்கிவிடும்.

கடிதம் கைக்கு வந்ததும் அடிப்பகுதியைப் பாருங்கள். கணினியில் உருவானது, கையெழுத்து தேவையில்லை என்ற வரியோடு வரும் கடிதம் உள்நாட்டில் செல்லும்; தூதரகம் கையெழுத்து, சீல், கையொப்பமிட்டவரின் பதவி, போன், மெயில் எல்லாம் எதிர்பார்க்கும். சந்தேகம் வந்தால் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை செய்பவர்கள், தினமும் போய் உட்காரும் கம்பெனியிடம் அல்ல, சம்பளம் போடும் நிறுவனத்திடம்தான் கடிதம் வாங்க வேண்டும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகலாம். விஎஃப்எஸ் மையத்தில் நேரம் கிடைப்பது தனிப் பாடு. ஹெச்.ஆர். ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்தே மெயில் போடுங்கள்.

வீட்டுக் கடனுக்கு இதே கடிதம் உதவாது. வங்கிக்கு விடுப்பு பற்றி அக்கறையில்லை. நிரந்தர ஊழியரா, ராஜினாமா கொடுத்திருக்கிறாரா என்பதே கேள்வி. நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்கு ஹெச்.ஆர். கடிதம் தர மறுக்கலாம், தந்தாலும் கடைசி வேலை நாளைக் குறித்தே தரலாம். வேலை மாறப்போகிறவர்கள் புதிய இடத்தில் சேர்ந்து சில மாதச் சம்பளம் வாங்கிய பிறகு கடனுக்குப் போவது மேல்.