கற்கண்டாகக் கூடாத கருமுட்டை

சர்க்கரைப் பாகில் நூலைக் கட்டி நாள்கணக்கில் விட்டுவைத்தால் கற்கண்டு விளையும். அதே பாகை நன்றாக முற்றவிட்டுச் சட்டென்று ஆறவைத்தால், பளபளவென்ற கண்ணாடி மிட்டாய் கிடைக்கும். படிகம் கட்ட அதற்கு நேரமே இருப்பதில்லை. கருமுட்டையை உறையவைக்கும் ‘விட்ரிஃபிகேஷன்’ முறையும் ஏறக்குறைய இதே சமையல்தான்.

முட்டை முழுக்கத் தண்ணீர். மெல்லக் குளிர்ந்தால் பனி ஊசிகள் முளைத்துச் சவ்வைக் கிழித்துவிடும். 1985இல் ராலும் ஃபாஹியும் எலிக் கருக்களைப் பனியே கட்டாமல் உறையவைத்துக் காட்டினார்கள். மனித முட்டைக்கு இதைக் கைப்பழக்கமாக்கியதில் ஜப்பானின் மசாஷிகே குவயாமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘கிரையோடாப்’ என்ற மெல்லிய பிளாஸ்டிக் பட்டைதான் அவருடைய கருவி.

முதலில் முட்டையை எத்திலீன் கிளைக்காலும் டிஎம்எஸ்ஓவும் கலந்த நீர்த்த கரைசலில் விடுகிறார்கள். தண்ணீர் வெளியேற அது சுருங்கும். மருந்து உள்ளே போகப் போக, பத்துப் பதினைந்து நிமிடங்களில் பழையபடி உருண்டு வரும். அப்படி வரும்வரை எம்ப்ரியாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அடுத்தது, சர்க்கரையும் சேர்ந்த இருமடங்கு செறிவான கரைசல். அதில் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான். அதற்கு மேல் போனால் காக்கும் மருந்தே நஞ்சாகும். பிறகு முட்டையைப் பட்டையின் நுனியில் வைத்து, சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்து, -196 டிகிரி திரவ நைட்ரஜனில் சரேலென முக்குவார்கள். துளி பெரிதாக இருந்தால் குளிர் உள்ளே இறங்கத் தாமதமாகும். பனிக்கு அதுவே போதும்.

உறைந்துவிட்டால் பிழைத்த மாதிரி என்று நினைக்கத் தோன்றும். உண்மையான கண்டம் வெளியே எடுக்கும்போதுதான். கண்ணாடியாக நின்ற திரவம் மெதுவாகச் சூடேறினால், வழியிலேயே பனி கட்டிக்கொள்ளும். குளிரவைக்கும் வேகத்தைவிடச் சூடேற்றும் வேகமே முக்கியம் என்று எலி முட்டைகளை வைத்து செக்கியும் மேஜரும் 2009இல் காட்டினார்கள். அதனால்தான் பட்டையைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருக்காமல், 37 டிகிரியில் தயாராக இருக்கும் சர்க்கரைக் கரைசலில் நேராக முக்குகிறார்கள். அந்தச் சர்க்கரைக்கும் வேலை இருக்கிறது: தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து முட்டை வெடித்துவிடாமல் தடுக்கும். அடுத்தடுத்த டிஷ்களில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

பிழைத்த முட்டை உருண்டையாக, தெளிவாக இருக்கும். போனது கறுத்துச் சிதைந்திருக்கும். ஐந்தாம் நாள் கருவான பிளாஸ்டோசிஸ்டுக்கு வேறு சிக்கல். அதன் நடுவிலுள்ள நீர்க்குழியில் பனி கட்டக்கூடும் என்பதால், பல லேப்களில் உறையவைக்கும் முன்பே லேசரால் ஒரு துளையிட்டு நீரை வடிக்கிறார்கள். சூடேற்றிய சில மணி நேரத்தில் அது மறுபடி உப்பினால் நல்ல அறிகுறி.

கைதேர்ந்த லேப்களில் பத்து முட்டைக்கு எட்டு, ஒன்பது பிழைக்கும். ஆனால் பிழைத்ததெல்லாம் குழந்தையாகிவிடாது. நாற்பது வயதில் எடுத்த முட்டையில் குரோமோசோம் பிழை இருந்தால், அதுவும் அப்படியே பத்திரமாக உறைந்திருக்கும்.