பதில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது

இன்டர்னல் மதிப்பெண் வெளியான அன்று துறை அறை வாசலில் வந்து நிற்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, "இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்" என்ற பதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் மதிப்பெண் எந்த இடத்தில் குறைந்தது என்பதைத் தாள் தானாகச் சொல்லாது. திருத்தியவர்தான் சொல்ல வேண்டும்.

பல கல்லூரிகளில் இப்போது அசைன்மென்ட்டுடன் 'ரூப்ரிக்' என்ற மதிப்பீட்டு அட்டவணையையும் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண், ஒவ்வொரு நிலைக்கும் கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். மறுபரிசீலனைக்கு அந்த அட்டவணையை வைத்து எப்படிப் பதில் எழுதலாம் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

தலைப்பு, சென்னையில் மழைநீர் சேகரிப்பு. மொத்தம் 20 மதிப்பெண். மாணவி பெற்றது 12. "நிறைய தரவு கொடுத்திருக்கிறேன், சான்றுக்கு 6க்கு 4தான் வந்திருக்கிறது. மாற்றுக்கருத்தும் எழுதியிருக்கிறேன், அதற்கு 0 போட்டிருக்கிறீர்கள். என் தோழிக்கு 16" என்று அவர் எழுதிக் கொடுக்கிறார்.

ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது, தான் போட்ட மதிப்பெண்ணைப் பாராமல், கேள்விக்குள்ளான இரண்டு அம்சங்களுக்காக மட்டும் கட்டுரையை மறுபடி படிப்பது. பழைய எண் கண்ணில் பட்டால், அதற்கு நியாயம் தேடத்தான் மனம் போகும்.

சான்றுக்கு அட்டவணை சொல்வது இது: தரவும் மூலமும் இருந்தால் 4, அந்தத் தரவு வாதத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கமும் இருந்தால் 6. இங்கே ஒரு சிக்கல் வருகிறது. இருப்பதை விரல் வைத்துக் காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது? அது இருந்திருக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்வதுதான் வழி. அப்படி எழுதினால் பதில் இப்படி வரும்:

"இரண்டாம் பக்கத்தில் மூன்று இடங்களில் தரவு தந்து மூலமும் குறித்திருக்கிறீர்கள். அதனால் 4. முதல் பத்தியில் கிணற்று நீர்மட்ட அளவுகளைத் தந்தபின், 'எனவே 2003ஆம் ஆண்டுச் சட்டம் வென்றது' என்று முடித்துவிட்டீர்கள். நீர்மட்டம் உயர்ந்தது சட்டத்தாலா, அந்த ஆண்டுகளில் பெய்த மழையாலா என்று பிரித்துக் காட்டும் வாக்கியம் அங்கே இல்லை. இரண்டாம், மூன்றாம் பத்திகளிலும் தரவுக்கு அடுத்த வாக்கியம் வேறு செய்திக்குப் போய்விடுகிறது. 6க்குத் தேவையான விளக்கத்தை இந்த மூன்று இடங்களிலும் தேடினேன். வேறு இடத்தில் இருந்தால் பக்கத்தைச் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வாக்கியம் சம்பிரதாயத்துக்காக எழுதப்படுவதல்ல. மாணவி தன் தாளை எடுத்து, ஆசிரியர் சொன்ன மூன்று இடங்களையும் பார்த்து, சரி என்றோ தவறு என்றோ சொல்லலாம். "ஆழம் போதாது" என்ற பதில் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

மாற்றுக்கருத்தில் கதை வேறு. குறிப்பிட்டிருந்தாலே 2, அதற்கு மறுமொழியும் சொல்லியிருந்தால் 4 என்கிறது அட்டவணை. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், '2019இல் ஏரிகள் வறண்டபோது இத்திட்டம் தோற்றது என்று சிலர் சொன்னார்கள்' என்று மாணவி எழுதியிருக்கிறார். மறுமொழி இல்லை, குறிப்பு இருக்கிறது. ஆகவே 0 தவறு, 2 சரி. மொத்தம் 14 ஆகிறது. இதையும் அதே கடிதத்தில், அந்த வரியை எடுத்தெழுதிச் சொல்லிவிட வேண்டும்.

தோழியின் 16ஐப் பற்றி ஒரு வரி போதும்: அது அவருடைய கட்டுரைக்கு உரியது, இங்கே பேச முடியாது. அதைப் போலவே, அட்டவணையில் இல்லாத குறையைப் பதிலில் புதிதாகக் கொண்டுவருவதும் கூடாது. கையெழுத்தும் எழுத்துப்பிழையும் அதில் இல்லையென்றால், இப்போது அவற்றைச் சொல்லி மதிப்பெண்ணைக் காப்பாற்றுவது அநியாயம்.

இந்த முறை எல்லா அட்டவணைக்கும் பொருந்தாது. 6க்கு 'மிகச் சிறப்பு', 4க்கு 'சிறப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால், கட்டுரையின் எந்த வரியைச் சுட்டினாலும் அது எதையும் நிறுவாது. அத்தகைய அட்டவணையால் வந்த ஐயத்தின் பலன் மாணவருக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த அசைன்மென்ட்டுக்குள் அந்தச் சொற்களையும் மாற்றியாக வேண்டும்.

மதிப்பெண் மாறியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாற்றுக்கருத்துக்கு 0 வாங்கிய மற்ற மாணவர்களின் தாள்களிலும் அப்படி ஒற்றை வரி கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். கேட்கத் தயங்கியவர்களும் அவர்களில் இருப்பார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பும் முன் அந்தத் தாள்களையும், அந்த ஓர் அம்சத்துக்காக மட்டும், திரும்பப் படிக்க வேண்டும்.