ஒட்டுமிடத்தைப் படம் எடுங்கள்

மாமரம் ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. நடுக்கிளையில் மட்டும் கொத்தாக வேறொரு செடி. கூடவே மூன்று கேள்விகள்: "இது என்ன செடி? மரத்தைக் கொன்னுடுமா? வெட்டிடலாமா?" தாவரவியல் வாத்தியார்களுக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் இது பழகிப்போன விசாரிப்பு. விவரம் தெரிந்தவர் உடனே பதில் சொல்லமாட்டார். "செடியும் கிளையும் சேர்ற இடத்தைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்பார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்தடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மரத்தின்மேல் வளரும் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். புல்லுருவி மரத்துக்குள் துளைபோட்டுத் தண்ணீர் எடுக்கிறது. மரவாழை என்று கிராமங்களில் சொல்லப்படும் ஆர்க்கிட், பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. முதலாவது குடிவந்து சோற்றுப்பானையில் கைவைப்பது. இரண்டாவது திண்ணையில் உட்கார்ந்திருப்பது. பாடநூல்கள் முன்னதை ஒட்டுண்ணி என்றும் பின்னதைத் தொற்றுத் தாவரம் என்றும் பிரிக்கின்றன. இந்தப் பிரிவினையை இலையிலோ பூவிலோ தேடினால் ஏமாற்றம்தான். அது தெரியும் இடம் செடி கிளையைத் தொடும் அந்த இரண்டு அங்குலம்.

வேலிச்செடியில் இருந்தே தொடங்கலாம், அங்கே விஷயம் எளிது. துராந்தா வேலியின் மேல் யாரோ மஞ்சள் இடியாப்பத்தைக் கொட்டிவிட்டுப் போனதுபோல ஒரு படம் வந்தால் அது பெரும்பாலும் அம்மையார் கூந்தல். தாவரவியலில் கஸ்குட்டா. சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் சேர்ந்த குடும்பத்துக் கொடிதான். ஆனால் இலையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, பச்சையம் இல்லையென்றே சொல்லலாம். இலை இல்லாதவன் சமைக்க முடியாது. தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அடுத்த செடியிலிருந்துதான் எடுக்கவேண்டும். முழு ஒட்டுண்ணி என்பது இதைத்தான்.

இதன் விதை மண்ணில்தான் முளைக்கிறது. முளைத்து வருவது ஒரு நூல். உருப்படியான வேர் கிடையாது. விதையில் இருக்கும் சேமிப்பு சில நாட்களுக்கே போதும். அதற்குள் ஒரு செடியைத் தொட்டாகவேண்டும், இல்லையென்றால் சாவுதான். குருட்டுத்தனமாகத் துழாவுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2006-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கஸ்குட்டா நாற்றின் அருகே தக்காளிச் செடியை வைத்தால் நாற்று அந்தப் பக்கம் சாய்ந்தது. செடியை எடுத்துவிட்டு அதன் வாசனையை மட்டும் வைத்தபோதும் சாய்ந்தது. தக்காளியையும் கோதுமையையும் இருபுறம் வைத்தபோது தக்காளியின் பக்கமே பெரும்பாலும் போனது. மூக்கில்லாத நூல் மோப்பம் பிடிக்கிறது!

ஒரு தண்டைச் சுற்றிக்கொண்டதும், தொடும் பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புடைப்புகள் எழும்பும். இவைதான் உறிஞ்சு வேர்கள். இவை தண்டுக்குள் புகுந்து தண்ணீர்க் குழாயோடும் உணவுக் குழாயோடும் இணைந்துவிடும். அதன்பிறகு மண்ணைத் தொட்டிருந்த அடிநூல் காய்ந்து உதிர்ந்துவிடும். படம் பார்ப்பவருக்கு இதுவே நல்ல துப்பு. கோவைக்கொடியையோ முசுமுசுக்கையையோ பின்தொடர்ந்து போனால் எங்கோ ஓரிடத்தில் தரையில் இறங்கும். அம்மையார் கூந்தல் எங்கேயும் இறங்காது. கையால் இழுத்தாலும் சாதாரணக் கொடிபோலச் சுருள் பிரிந்து வராது, தைத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். அறுத்துவிட்டுப் போனால் தண்டில் தங்கிய துணுக்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டிய கொடியைப் பக்கத்து வேலியில் வீசுவது, அந்த வேலிக்கும் அதை நட்டுவைப்பதற்குச் சமம். கொடி பற்றிய கிளைகளையும் சேர்த்து வெட்டி, காய்ப்பதற்கு முன்பே எரித்துவிடுவதுதான் வழி. காய்த்துவிட்டால் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

கடலோர மணலில் எடுத்த படமானால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே இதே தோற்றத்தில் கொத்தான் என்று இன்னொன்று உண்டு. அதுவும் இலையற்றது, ஒட்டுண்ணியும்தான். ஆனால் லவங்கப்பட்டையின் குடும்பம். நிறத்தில் பச்சை கூடுதல், தண்டு சற்று முரடு, காய் சிறு உருண்டைப் பழம்போல இருக்கும். இரண்டுக்கும் ஒரு பிறவித் தொடர்பும் கிடையாது, ஒரே தொழில் ஒரே வேஷத்தைக் கொடுத்திருக்கிறது.

இனி அந்த மாமரம்.

முதல் படத்திலேயே சில அடையாளங்கள் உண்டு. மாவிலை நீண்டு கூர்ந்தது, பக்க நரம்புகள் சீப்புப்போலத் தெளிவாகத் தெரியும். கொத்தில் இருக்கும் இலைகளோ தடித்தவை, நுனி மழுங்கியவை, நரம்புகள் மங்கல், பச்சையிலும் ஒரு சாம்பல் பூச்சு. குழல் வடிவில் செம்மஞ்சள் பூக்கள் தெரிந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. இரண்டாவது படம் வந்ததும் மீதியும் தீர்கிறது. செடியும் கிளையும் சேரும் இடத்தில் கிளை முண்டுகட்டி வீங்கியிருக்கிறது. செடியின் அடித்தண்டு, அந்தக் கிளையிலிருந்தே ஒட்டுக்கட்டி வளர்ந்ததுபோல நேராக அதற்குள் போகிறது. வீக்கத்துக்கு அப்பால், நுனிப்பக்கம் கிளை மெலிந்து இலை குறைந்து கிடக்கிறது. சந்தேகமில்லை, புல்லுருவி.

பிறர் உழைப்பில் வாழ்கிறவனை நாம் புல்லுருவி என்று திட்டுகிறோம். அசல் புல்லுருவி அந்த வசவுக்கு முழுத் தகுதி உடையதல்ல. இலை இருக்கிறது, பச்சையம் இருக்கிறது, தன் சர்க்கரையைப் பெரும்பாலும் தானே காய்ச்சிக்கொள்கிறது. மரத்திடமிருந்து அது எடுப்பது முக்கியமாகத் தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும். பகுதி ஒட்டுண்ணி என்பது அதனால்தான். ஆனால் எடுக்கும் விதத்தில் நாகரிகம் போதாது. வெயில் ஏறும்போது மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தண்ணீரைச் சேமிக்கப் பார்க்கும். புல்லுருவியோ துளைகளைத் திறந்தே வைத்திருந்து, தன் இலைவழியே ஆவியாக விட்டபடி மரத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். வறட்சி ஆண்டில் அது தொற்றிய கிளைகள் முதலில் காய்வது இதனால்தான்.

மேலே எப்படி ஏறிற்று? பூங்கொத்தி என்னும் சிட்டினும் சிறிய பறவைதான் ஏற்றிவிடுகிறது. பழத்தை விழுங்கும், சற்று நேரத்தில் விதை பசைநூலோடு வெளியே வரும். பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட அந்தப் பிசினைத் தொலைக்க, பறவை கிளையில் தேய்க்கும். விதை நட்டாயிற்று. 1980-களில் நீலகிரியில் ஆராய்ந்த பிரியா டேவிதார், பூங்கொத்திகளால் மகரந்தம் பரவும் சில புல்லுருவிகளின் பூக்கள் அவற்றின் பழங்களைப் போலவே தோன்றுவதைக் கவனித்து எழுதினார். பழமென்று நினைத்துக் கொத்தவரும் பறவை பூவுக்கும் வேலை செய்துவிடுகிறது.

மரம் இலையுதிர்க்கும் காலத்தில் படம் எடுத்தால் வேலை இன்னும் சுலபம். நிலம்பூர்த் தேக்குத் தோப்புகளில் புல்லுருவி பழைய தொல்லை. தேக்கு மொட்டையாக நிற்கும் மாதங்களில் பச்சையாகத் தெரியும் கொத்துகளை எண்ணிவிடலாம். அறுக்கும்போது செடியை மட்டும் ஒடித்தால் உள்ளே புதைந்த பகுதி மறுபடி தழைக்கும். வீக்கத்திலிருந்து அடிமரத்தின் பக்கமாக ஓர் அடியாவது தள்ளிக் கிளையை வெட்ட வேண்டும், அதுவும் பழம் பழுப்பதற்கு முன். சாலையோரப் பெருமரத்தில் ஒன்றிரண்டு கொத்து இருந்தால் அதற்காக அரிவாள் தூக்க வேண்டியதில்லை. காமன் ஜெசபெல் என்ற அழகான பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு அதன் இலைதான் சாப்பாடு.

அதே மாமரத்தின் வேறொரு கிளையிலிருந்து வந்த படம் என்றால் கதையே வேறாக இருக்கலாம். கொழுத்த வெளிர்சாம்பல் வேர்கள் பட்டையின்மேல் கயிறுபோல ஓடுகின்றன, சில காற்றில் தொங்குகின்றன, நுனி பச்சை. வீக்கம் இல்லை, துளை இல்லை. இது வாண்டா ஆர்க்கிட். அந்தச் சாம்பல் நிறம் வேரின் வெளிப்புறப் பஞ்சு உறை. மழைநீரையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மரத்திடம் ஒரு சொட்டும் கேட்பதில்லை. கேட்காது என்பதற்குச் சாட்சி, கடைக்காரர்கள் இதே செடியை வெறும் கரித்துண்டில் வளர்த்து விற்பதுதான்.

கொல்லிமலைக்குப் போனவர்கள் சூப்புக்கென்று வாங்கிவரும் முடவாட்டுக்கால் கிழங்கும் இந்த இனத்து வாழ்க்கை வாழும் ஒரு பெரணியின் தண்டு. ஆட்டுக்கால்போல ரோமம் படர்ந்த அந்தத் தண்டு மரத்திலும் வளரும், பாறையிலும் வளரும். பாறையில் உறிஞ்ச என்ன இருக்கிறது? அடியில் இருக்கும் பழுப்பு இலைகள் காய்ந்தவை என்று நினைத்து சிலர் பிய்த்துப் போடுவார்கள். அவை உதிர்சருகைச் சேர்த்து வைக்கும் கூடை. மக்கும் சருகுதான் அதற்கு எரு. செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியும் அப்படியே, பட்டைமேல் வெறுமனே ஒட்டி வாழ்வது.

பட்டுப்போன கிளையில் இவற்றைப் பார்த்து, இவைதான் கிளையைக் கொன்றன என்று பழிபோடுவது வழக்கம். உண்மையில் அந்தப் படமே இவற்றின் நிரபராதத்தைச் சொல்கிறது. கிளை செத்தபின் புல்லுருவி வாழாது. ஆர்க்கிட்டோ பெரணியோ செத்த கிளையிலும் செழிப்பாக இருக்கும். இலை உதிர்ந்து வெளிச்சம் கூடியதால் அங்கே அதிகமாகவே தெரியும்.

கிட்டப் போய் எடுத்த படமும் சில நேரம் ஏமாற்றும். புல்லுருவிகளில் பலவற்றுக்குப் பட்டையின்மேல் ஊர்ந்து ஓடும் வேர்போன்ற தண்டு உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஆர்க்கிட் வேர் என்றே தோன்றும். அதைப் பின்தொடர்ந்தால் இடையிடையே பட்டைக்குள் இறங்கும் புடைப்பு தெரியும்.

இன்னொரு பக்கம், உறிஞ்சாமலே கொல்லக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பறவை போட்ட ஆலவிதை பனையின் மட்டை இடுக்கில் முளைக்கும்போது அதுவும் தொற்றுத் தாவரம்தான். பனையிடம் எதுவும் எடுப்பதில்லை. ஆனால் அதன் வேர்கள் பனையைத் தழுவிக் கீழிறங்கி மண்ணைத் தொட்டுவிட்டால் வளர்ச்சி பாய்ச்சலாகிறது. மேலே ஆலின் தழை பனையோலையை மூடிவிடுகிறது. பனையைக் காப்பாற்ற நினைப்பவர்கள், வேர் தரைதொடும் முன்பே ஏறி, கன்று விரல் பருமனாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள்.