பயிற்சி யாருக்கு, பலன் எவ்வளவு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங்கில் 100 பீஸுக்கு 12 ஆல்டருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். "டெய்லர்களுக்கு டிரெயினிங் கொடுங்கள்" என்கிறார் முதலாளி. மனிதவளப் பிரிவு இதற்கு உடனே தலையாட்டக் கூடாது. பயிற்சி தேவையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மெக்கீ, தேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1961-இல் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். நிறுவனத்தைப் பார், வேலையைப் பார், பிறகு ஆளைப் பார் என்பது அதன் சுருக்கம். நம் கம்பெனியில் செக்கிங் நோட்டைப் புரட்டினால், ஆல்டரில் பெரும்பகுதி கழுத்துப் பட்டி வைக்கும் இடத்தில் வருவது தெரிகிறது. அங்கேயும் இரண்டு வகைக் குறைகள்: சிலவற்றில் தையல் விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது டெய்லர்களை மிஷின் மாற்றி உட்கார வைக்க வேண்டும். குறை மிஷினோடு தங்கினால் அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. ஆளோடு நகர்ந்தால்தான் பயிற்சி. பல கம்பெனிகள் இந்தச் சோதனையைச் செய்யாமலே பயிற்சியாளரைக் கூப்பிட்டுவிடுகின்றன.

தையல் விடுவது மிஷினோடு தங்கியது, பட்டி இழுப்பது புது டெய்லர்களோடு நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டியைச் சீராக வைக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. பலனை எப்படி அளப்பது? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு படிகள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பயிற்சி பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா? முதல் கேள்விக்கு ஒரு படிவம் போதும். ஆனால் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தாலே அதில் மதிப்பெண் ஏறிவிடும். இரண்டாவதற்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே டெய்லரைச் சில பீஸ் தைக்கச் சொல்லி ஒப்பிடலாம்.

சிக்கல் மூன்றாம் படியில். வகுப்பில் நன்றாகத் தைத்தவர், ஒரு மாதம் கழித்து லைனில் பழைய மாதிரியே தைக்கிறார். மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பீஸ் ரேட்டில் கூலி என்றால் நிதானமாகத் தைப்பவருக்கு வருமானம் குறையும். கூலி முறை மாறாமல் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அவர் மாற மாட்டார்.

நான்காம் படியில் கணக்கு ஏமாற்றும். பயிற்சி பெற்ற லைனில் ஆல்டர் 12-இலிருந்து 6 ஆனது என்று வையுங்கள். பயிற்சி பெறாத, அதே ஸ்டைல் தைக்கும் இன்னொரு லைனிலும் 12 என்பது 9 ஆகியிருக்கிறது; இந்த முறை ஆர்டர் சுலபமான ஸ்டைல். ஆகவே பயிற்சியின் பங்கு ஏறத்தாழ 3 தான், 6 அல்ல. மிக மோசமான லைனாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தேறிவிடும்.

எனவே பயிற்சியாளருக்கு போன் செய்யும் முன், இரண்டு லைன்களின் ஆல்டர் கணக்கையும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்த பிறகு அந்தக் கணக்கைத் திரும்ப எடுக்க வழியில்லை.