பாதி வாக்கியத்தில் நின்றுபோகும் செல்

எக்செலில் ஒரு தொகை செல்லுக்குள் அடங்காவிட்டால் #### என்று காட்டிவிடும். பார்த்தவுடன் இழுத்து அகலமாக்கிவிடுவார்கள். எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கு வரி உள்ள குறிப்பில் ஒரு வரி மட்டும் தெரிந்து மற்ற மூன்றும் மறைந்திருந்தால், அங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்று சொல்ல ஒரு புள்ளிகூட வராது. அச்செடுத்த தாளைக் கையில் வாங்குகிறவர் அந்த ஒரு வரியைத்தான் முழுச் செய்தி என்று எண்ணிக்கொள்வார்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். மாதக் கூட்டத்துக்கு முன்பு, புகார்களைப் பதியும் மென்பொருளிலிருந்து பட்டியலை எக்செல் ஃபைலாக இறக்கி அச்செடுக்கிறார்கள். 7ஆவது வரிசையில் உள்ள புகார் இது: “மூன்றாம் மாடிக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்தார். மேல்வீட்டுக் குளியலறைக் குழாயை மாற்ற வேண்டும். செலவை யார் ஏற்பது என்று சங்கம் முடிவு செய்ய வேண்டும்.” செல்லில் Top Align போட்டிருப்பதால் தாளில் முதல் வரி மட்டும் தெரிகிறது. தண்ணீர் ஒழுகுவது எல்லோருக்கும் தெரிந்த கதை என்று கூட்டம் அடுத்த புகாருக்குப் போய்விடுகிறது. முடிவெடுக்க வேண்டிய விஷயம் கடைசி வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது Home பட்டையில் உள்ள Wrap Text பொத்தான். அது அணைந்திருந்தால் எழுத்து மடங்காது. பக்கத்துச் செல் காலியாக இருந்தால் அதன்மேல் ஓடும், இல்லாவிட்டால் வெட்டுப்படும். அதை அழுத்தினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தும் வரிசை உயரவில்லை என்றால்தான் இந்தக் கட்டுரைக்கு வேலை.

எக்செலில் ஒவ்வொரு வரிசையும் இரண்டில் ஒரு நிலையில் இருக்கும். ஒன்று தானியங்கி நிலை. உள்ளே எழுதி Enter தட்டியதும் மடங்கிய எழுத்துக்கு ஏற்ப வரிசை உயர்ந்துகொள்ளும். இன்னொன்று நிலைநிறுத்திய உயரம். யாராவது வரிசையின் ஓரத்தை மவுஸால் இழுத்துவிட்டாலோ Row Height பெட்டியில் எண் கொடுத்தாலோ, “இவர் கேட்ட உயரம் இதுதான்” என்று எக்செல் குறித்துக்கொள்கிறது. அதன்பின் அந்த வரிசையில் ஒரு பக்கக் கட்டுரையையே எழுதினாலும் அது அசையாது. எக்செல் கணக்கில் இது பிழையே இல்லை, சொன்ன சொல் கேட்பது.

இறக்கிய ஃபைல்களில் வரும் வினை இதுதான். இழுத்தவர் யாரும் இல்லை. ஃபைலைத் தயாரித்த மென்பொருளே உயரத்தை எழுதி அனுப்பியிருக்கும். ஓர் xlsx ஃபைல் உண்மையில் ஜிப் செய்த பொட்டலம். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் தாளைப் பார்த்தால், நம் 7ஆவது வரிசை இப்படித் தொடங்கும்:

```
<row r="7" ht="15" customHeight="1">
```

உயரம் 15 பாயின்ட், அதாவது கேலிப்ரி 11 எழுத்தில் சரியாக ஒரு வரி. customHeight="1" என்பதுதான் பூட்டு. உயரத்தைப் பற்றி இந்த வரி ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால், திறக்கும்போதே எக்செல் தானாக அளந்து உயர்த்தியிருக்கும். எல்லா வரிசையும் ஒரே அளவில் அழகாக இருக்கட்டும் என்று நிரலாளர் நினைத்ததுதான் வம்பாகிறது.

பூட்டைத் திறப்பது எளிது. இடப்பக்கம் உள்ள வரிசை எண்களில் 7க்கும் 8க்கும் நடுவே உள்ள கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் 7ஆவது வரிசை எழுத்துக்கேற்ற உயரத்துக்கு வந்து, தானியங்கி நிலைக்கும் திரும்பிவிடும். முழுத் தாளுக்கும் வேண்டுமானால், இடது மேல் மூலை முக்கோணத்தை அழுத்திவிட்டு ஏதாவது ஒரு வரிசைக் கோட்டில் இரட்டைக் கிளிக். கீபோர்டில் Alt, H, O, A என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலும் அதே வேலைதான். கோட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்பவர்கள் பழைய பூட்டை எடுத்துவிட்டு புதுப் பூட்டு போடுகிறார்கள். அடுத்த மாதம் இன்னும் நீளமான புகார் வந்தால் மறுபடி வெட்டுப்படும்.

இந்த இரட்டைக் கிளிக்கே நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். வரிசை உயர்ந்தால், காரணம் பூட்டு. உயராமல், இருந்ததைவிடக் குறுகி ஒற்றை வரியாகிவிட்டால், அங்கே இணைத்த செல் இருக்கிறது.

சங்கத்தின் பட்டியலில் 12ஆவது வரிசை அப்படிப்பட்டது. செயலாளரின் குறிப்புக்காக C, D, E மூன்றையும் Merge & Center போட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள். வரிசையின் உயரத்தை அளக்கும்போது எக்செல் இணைத்த செல்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. Wrap Text போட்டாலும், AutoFit கொடுத்தாலும், அந்த வரிசையில் மற்ற செல்களில் உள்ளதை மட்டும் பார்த்து உயரத்தை முடிவு செய்யும். மற்றவை காலி என்றால் ஒரு வரி உயரம்தான்.

தலைப்பை நடுவில் நிறுத்துவதற்காக மட்டும் இணைத்திருந்தால் இணைப்பைப் பிரித்துவிடலாம். Format Cells பெட்டியின் Alignment பக்கத்தில் Horizontal என்ற இடத்தில் Center Across Selection என்று தேர்ந்தால், செல்கள் தனித்தனியாக இருந்தபடியே தலைப்பு நடுவில் நிற்கும். ஒற்றை வரித் தலைப்புக்கு இது போதும்; நீளமான குறிப்புக்கு உதவாது.

குறிப்புக்கு ஒரு பழைய கைவேலை இருக்கிறது. அதே 12ஆவது வரிசையில், தள்ளி K நெடுவரிசையில் ஒரு துணைச் செல் வைப்பது. அதில் `=C12` என்று எழுதி, அதே எழுத்துரு, அதே அளவு, Wrap Text போட வேண்டும். C, D, E ஒவ்வொன்றும் 20 அகலம் என்றால் K நெடுவரிசைக்கு 60 அகலம். கேலிப்ரி 11இல் 20 அகலம் என்பது 145 பிக்சல். மூன்றும் சேர்ந்து 435. ஆனால் 60 அகலத் தனி நெடுவரிசை 425 பிக்சல்தான். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓரத்தில் 5 பிக்சல் இடம் விடப்படுவதால் வரும் வித்தியாசம் இது. நல்லதுதான்: துணைச் செல் சற்றே ஒடுங்கி இருப்பதால் எழுத்து அங்கே கொஞ்சம் முன்னதாக மடங்கும், உயரம் குறையாது, கூடினால்தான் கூடும். இப்போது 12க்குக் கீழுள்ள கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால், K செல்லைப் பார்த்து வரிசை உயரும். இணைத்த செல்லும் கூடவே முழுதாகத் தெரியும். K நெடுவரிசையின் எழுத்தை வெள்ளையாக்கி, Page Layout பட்டையில் Print Area அமைக்கும்போது அதை வெளியே விட்டுவிட்டால் தாளில் வராது.

இதற்கும் ஒரு குறை உண்டு. சூத்திரத்தின் விடை மாறுவதால் மட்டும் வரிசை தானாக உயராது. C12இல் குறிப்பைத் திருத்தியபின் மறுபடி ஒரு இரட்டைக் கிளிக் போட்டுவிடுவது உத்தமம். VLOOKUP வேறொரு தாளிலிருந்து விளக்கங்களை இழுத்து வரும் பட்டியல்களிலும் இதே தொல்லைதான். நேற்று சரியாக இருந்த செல், விளக்கம் நீண்டதும் இன்று வெட்டுப்பட்டு நிற்கும்.

இரட்டைக் கிளிக்குக்கு எந்த அசைவும் இல்லையென்றால் தாள் பாதுகாக்கப்பட்டதாக இருக்கலாம். Protect Sheet பட்டியலில் Format rows அனுமதி தரப்படாவிட்டால் உயரத்தைத் தொட முடியாது. வரிசை மிக உயர்ந்தும் முடிவு தெரியாவிட்டால், எல்லையைத் தொட்டாயிற்று. ஒரு செல் 32,767 எழுத்துகள் வரை வாங்கிக்கொள்ளும், ஆனால் வரிசையின் உயரம் 409 பாயின்டைத் தாண்டாது. 15 பாயின்ட் கணக்கில் அது 27 வரி. அதற்கு மேல் நெடுவரிசையை அகலமாக்கலாம், அல்லது எழுத்தை இரண்டு வரிசையாகப் பிரிக்கலாம்.

திரையில் முழுதாகத் தெரிந்தது தாளில் கடைசி வரி பாதியாக வருவதும் உண்டு. திரையும் அச்சுப்பொறியும் எழுத்தின் அகலத்தை ஒன்றுபோல அளப்பதில்லை. திரையில் ஒட்டி உட்கார்ந்த ஒரு சொல் அச்சில் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். முன்னோட்டத்தைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. அனுபவப்பட்டவர்கள் நீண்ட குறிப்பின் முடிவில் Alt+Enter தட்டி ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிடுவார்கள்.

ஒவ்வொரு மாதமும் இதே ஃபைல் இதே பூட்டோடு வந்தால் எக்செலில் மல்லுக்கட்டுவது வீண். மென்பொருளைப் பராமரிப்பவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: வரிசைகளுக்கு உயரம் எழுத வேண்டாம். பைதானில் openpyxl கொண்டு எழுதியிருந்தால், `ws.row_dimensions[7].height = 15` போன்ற வரியை நீக்கினால் அந்த customHeight ஃபைலுக்குள் போகாது. குறிப்புக்காகச் செல்களை இணைப்பதற்குப் பதில் ஒரே நெடுவரிசையை 60 அகலம் ஆக்கச் சொன்னால், 12ஆவது வரிசைக்குத் துணைச் செல்லும் தேவைப்படாது.