ஞாயிறு பட்டுவாடாவுக்குப் புதனன்றே மணி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. வாடிக்கையாளர் டாலரை நீட்டியதும் அதே டாலர் தஞ்சாவூருக்குப் பறப்பதில்லை. இந்தியாவில் கூட்டாளி வங்கியிடம் கடைக்காரர் ரூபாயை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார். பட்டுவாடா அதிலிருந்து நடக்கிறது. அந்தக் கணக்கில் ரூபாய் தீர்ந்தால், கல்லாவில் எத்தனை டாலர் குவிந்திருந்தாலும் அன்றைக்கு வேலை நின்றுவிடும்.

இதற்காகத்தான் பல கடைகள் நாள்தோறும் இருப்பு எச்சரிக்கை வைத்துக்கொள்கின்றன: ரூபாய், ரிங்கிட், அமெரிக்க டாலர் என ஒவ்வொரு கணக்கிலும் இருப்பு ஒரு வரம்புக்குக் கீழே போனால் கைபேசிக்குச் செய்தி வரும். எல்லாவற்றையும் சிங்கப்பூர் டாலராக்கிக் கூட்டிப் பார்ப்பது ஆண்டுக் கணக்குக்குச் சரி, பட்டுவாடாவுக்கு உதவாது. ரிங்கிட் கணக்கில் இருப்பதை ஞாயிறு மதியம் ரூபாயாக்க முடியாது.

சிக்கல் இருப்பது வரம்பை வைக்கும் விதத்தில். ஒரு கடை ரூபாய்க்கு 65 லட்சம் என்று நிலையான வரம்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். சாதாரண நாளில் 25 லட்சம் பட்டுவாடா, சனியன்று 40, ஞாயிறன்று 80. புதன் காலை இருப்பு 1.5 கோடி. புதன் முடிவில் 125 லட்சம், வியாழன் 100, வெள்ளி 75. அதுவரை எச்சரிக்கை வாயே திறக்காது. சனி மாலை இருப்பு 35 லட்சத்துக்கு வந்த பிறகுதான் மணி அடிக்கும். அப்போது யாரைக் கூப்பிட்டு என்ன செய்வது?

இந்தியாவில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல், விடுமுறை பார்க்காமல் நடக்கின்றன. பணம் வெளியே போகும் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. உள்ளே வரும் கதவு அப்படியல்ல. நாணயச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். வழக்கமான 'ஸ்பாட்' முறையில் இன்று வாங்கிய ரூபாய் கைக்கு வர இரண்டு வேலைநாள் ஆகும். புதனன்று வாங்கினால் வெள்ளியன்று வரும். வியாழனன்று வாங்கினால் திங்களன்றுதான். இதைவிடச் சீக்கிரம் தரும் வங்கிகளும் உண்டு, ஆனால் விலை கொஞ்சம் பாதகமாக இருக்கலாம், அதற்கான நேரக்கெடுவும் முன்னதாகவே முடிந்துவிடும்.

ஆகவே வரம்பு ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. 'இன்று வாங்காமல் விட்டால், அடுத்த வாய்ப்பில் வாங்கும் பணம் வந்து சேரும்வரை எவ்வளவு வெளியே போகும்?' இந்தக் கேள்விக்கான விடைதான் அன்றைய வரம்பு. மேற்சொன்ன கடைக்குப் புதன் காலை கணக்குப் போட்டால் புதன், வியாழன், வெள்ளிக்கு 75, சனிக்கு 40, ஞாயிறுக்கு 80, திங்கள் பணம் வரும்வரை 10. மொத்தம் 205 லட்சம். இருப்பு 150. குறைவது 55 லட்சம். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால், சுமார் 85,000 டாலர். அதே இருப்புக்கு, அதே கடையில், மணி புதனன்றே அடித்துவிடுகிறது.

இரு நாட்டு விடுமுறைகளையும் இந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும். அக்டோபர் 2 சிங்கப்பூரில் வேலைநாள். இந்தியாவில் காந்தி ஜெயந்தி.

அடுத்து, எந்த இருப்பைப் பார்ப்பது? வங்கிகள் தரும் நாள்முடிவு அறிக்கையில், அதாவது எம்.டி.940 கோப்பில், இரண்டு வரிகள் உண்டு:

```
:62F:C250610INR15800000,00
:64:C250610INR15000000,00
```

முதலாவது ஏட்டு இருப்பு, இரண்டாவது உண்மையில் எடுக்கக்கூடிய இருப்பு. இங்கே வித்தியாசம் 8 லட்சம். எச்சரிக்கை இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். அதிலிருந்தும் ரசீது போட்டு இன்னும் அனுப்பாத தொகையைக் கழிக்க வேண்டும். கணக்கு எண் தவறிப் போய் வங்கி திருப்பி அனுப்பிய பணமும் இருப்பைப் பெரிதாகக் காட்டும்; அது கடையின் பணமல்ல, வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது.

அந்த வரிகளிலுள்ள 250610 என்பது தேதி, 2025 ஜூன் 10. அதைச் சோதிக்காத எச்சரிக்கையை நம்ப முடியாது. கோப்பு வராமல் போனால் பல மென்பொருள்கள் முந்தைய நாள் இருப்பையே வைத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடும். எல்லாம் நலம் என்றாலும் அதே அமைதிதான். அதனால் குறைந்தால் மட்டும் செய்தி அனுப்புவதைவிட, தினமும் காலை 9 மணிக்கு இருப்பையும் அதன் தேதியையும் சேர்த்து அனுப்பச் சொல்வது நல்லது. ஒருநாள் செய்தி வரவில்லையென்றால், கடைக்காரர் வங்கித் தளத்தில் தானே நுழைந்து பார்த்துவிடலாம்.

மேல் வரம்பும் ஒன்று தேவை. பயந்துபோய் 4 கோடியை ரூபாயாகக் கிடத்தினால், ரூபாய் ஒரு சதவீதம் சரிந்தாலே 4 லட்சம் போச்சு. ஒரு பரிமாற்றத்துக்குச் சில டாலர் கட்டணம் வாங்கும் கடைக்கு அதை ஈடுகட்ட எத்தனை ரசீது கிழிக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.